வாரிசுச் சான்றிதழில் நான்கு பேர், சொத்தில் ஐந்து பேர்

கடலூரில் நான் வக்கீல் தொழில் பார்க்கிறேன். முஸ்லிம் குடும்பங்களின் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு தவறு இருக்கிறது. அதை ஒரு குடும்பத்தின் கணக்கோடு சொல்கிறேன். தொகைகளை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நெல்லிக்குப்பம் பக்கத்துக் குடும்பம் அது. மவுத்தானவருக்கு மனைவி, கல்யாணமான இரண்டு மகள்கள், வயதான தாயார். அவருடைய தகப்பனார் முன்பே இறந்துவிட்டார். மூத்த மகள் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை என் மேஜையில் வைத்து, "நாலு பேர்தான் சார். நாலா பிரிச்சு எழுதிடுங்க" என்றார்.

சான்றிதழில் உள்ள நான்கு பெயர்களும் சரிதான். ஆனால் அது யார் யார் வாரிசு என்று வருவாய்த்துறை தரும் பட்டியல்தான். யாருக்கு எவ்வளவு என்று அதில் இருக்காது. அதனால், "உங்க அத்தாவுக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். ஒரு சின்னத்தா, அதாவது இறந்தவரின் தம்பி, இருக்கிறார், வெளியூரில். அவர் பெயர் சான்றிதழில் இல்லை.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்தோம். வீடு, கொஞ்சம் கரும்பு நிலம், வங்கிப் பணம் எல்லாம் சேர்த்து 75 லட்சம். அடக்கச் செலவும் ஆஸ்பத்திரி பாக்கியும் ஒரு லட்சம், நகைக்கடன் ஒன்றரை லட்சம். அப்புறம், கல்யாணத்தின்போது மனைவிக்குத் தருவதாக ஒப்புக்கொண்டு, கொடுக்காமல் நின்றுபோன மஹர் 50 ஆயிரம். மஹரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது கணவர் மேல் உள்ள கடன். அதை வாங்கிக்கொண்ட பிறகும் மனைவியின் பங்கு தனியாக உண்டு. வஸிய்யத் என்கிற உயில் எதுவும் இல்லை. மிச்சம் 72 லட்சம்.

பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகன் இல்லாமல் இரண்டு மகள்கள் என்பதால் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தாய்க்கு ஆறில் ஒன்று. 72 லட்சத்தை 24 கூறாகப் போட்டால் ஒரு கூறு 3 லட்சம். மனைவிக்கு 3 கூறு, 9 லட்சம். மகள்களுக்கு 16 கூறு, ஆளுக்கு 24 லட்சம். தாய்க்கு 4 கூறு, 12 லட்சம். கூட்டிப் பாருங்கள், 23 கூறுதான் வருகிறது.

அந்த ஒரு கூறு, 3 லட்சம், சின்னத்தாவுக்கு. நிர்ணயித்த பங்குகள் போக எஞ்சுவதை வாங்கும் உறவை அஸபா என்பார்கள். இந்தக் குடும்பத்தில் அது அவர்தான். தாய்க்குப் பதில் தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால் அந்த மிச்சத்தையும் அவரே எடுத்து 15 லட்சம் பெற்றிருப்பார், தம்பிக்கு ஒன்றும் வராது. அஸபா யாருமே இல்லாவிட்டால் மிச்சம் மகள்களுக்கும் தாய்க்கும் அவரவர் பங்கின் விகிதத்தில் திரும்பும். மனைவிக்கு அந்தத் திரும்புதல் கிடையாது, 9 லட்சத்தோடு சரி.

"சின்னத்தா போன்லயே எனக்கு வேணாம்னு சொல்லிட்டார் சார்" என்றார் மகள். வாய் வார்த்தை போதாது. அண்ணன் இறந்த நிமிடமே அந்தக் கூறு அவருடையதாகிவிட்டது. வீடும் நிலமும் அடங்கிய பங்கை விட்டுக்கொடுக்க, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அண்ணன் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது, அப்போது விடுவதற்கு அவரிடம் உரிமையே இல்லை. நால்வர் மட்டும் கையெழுத்திட்ட பத்திரத்தோடு வீட்டை விற்கப் போனால், வாங்குபவரின் வங்கி வக்கீல் இந்தக் கேள்வியில்தான் நிறுத்துவார். பல வருஷம் கழித்து, சின்னத்தாவும் இல்லாத காலத்தில், அவருடைய பிள்ளைகள் அத்தனை பேரையும் தேடிக் கையெழுத்து வாங்க வேண்டிவரும். நிலத்துக்கு வேறு சட்டமோ என்றும் சிலர் கேட்பார்கள். 1937-ஆம் வருஷத்து ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது. 1949-ல் மதராஸ் மாகாணத் திருத்தம் அதையும் உள்ளே கொண்டுவந்தது. ஆகவே கரும்பு நிலத்துக்கும் இதே 24 கூறுதான்.

சின்னத்தா வந்தார். கணக்கெழுதிய தாளைக் கையில் வாங்கி, அந்த ஒற்றைக் கூறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, பிள்ளைகளுக்கே விடுவதாகச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

அவ்வளவு நேரம் பேசாமல் இருந்த தாயார் அப்போதுதான் கேட்டார்: "நான் மவுத்தாயிட்டா என் பங்கு இந்தப் புள்ளைங்களுக்குத்தானே வரும்?" வராது. அவருக்கு உயிரோடு ஒரு மகன் இருப்பதால், இறந்த மகனின் பெண்களுக்கு அவர் சொத்தில் வாரிசுரிமை இல்லை. 12 லட்சமும் சின்னத்தாவுக்கே போகும். பிரிக்காமல் தள்ளிப்போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். ஆனால் பேத்திகள் வாரிசு இல்லை என்பதாலேயே, மூன்றில் ஒரு பங்கு வரை அவர்களுக்கு அவர் வஸிய்யத் எழுதலாம், மகன் சம்மதம் தேவையில்லை. உயிரோடு இருக்கும்போதே முழுதையும் ஹிபாவாக, அதாவது தானமாகக் கொடுத்து, கைவசம் ஒப்படைக்கவும் செய்யலாம்.

அவர் தன் கையிருப்புக்குப் பணம் வேண்டும் என்றார், அது நியாயம். 4 லட்சத்துக்கு வஸிய்யத் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, கைநாட்டு வைத்தார்.