மேசை ஏன் ‘அவன்’: ஜெர்மன் ஆர்ட்டிகிளில் தமிழ்க் காது தடுமாறும் இடங்கள்

ஜெர்மன் கற்கும் தமிழர் ஒருவர் “விளக்கோடு” என்று சொல்ல நினைக்கிறார். ‘மிட் டீ லம்பெ’ என்கிறார். இன்னொருவர் ‘மிட் டேம் லம்பெ’ என்கிறார். மூன்றாமவர் வெறுமனே ‘மிட் லம்பெ’ என்று முடித்துவிடுகிறார். சரியான வடிவம் ‘மிட் டேர் லம்பெ’. மிட் என்றால் ‘ஓடு’, லம்பெ என்றால் விளக்கு, நடுவில் நிற்பதுதான் ஆர்ட்டிகிள், ஆங்கிலத்தின் ‘தி’ போலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல். மூவரும் தவறிவிட்டார்கள், ஆனால் மூன்றும் வேறுவேறு தவறுகள். முதலாமவருக்கு லம்பெ பெண்பால் என்று தெரியும், மிட் என்ற சொல்லுக்குப் பின் டீ என்பது டேர் ஆக மாறும் என்பது மட்டும் கைவரவில்லை. இரண்டாமவருக்கு மிட் வந்தால் வேற்றுமை மாறும் என்று தெரியும், பால்தான் பிசகியது. மூன்றாமவருக்கு அங்கே ஒரு சொல் இருக்க வேண்டும் என்பதே உறைக்கவில்லை. மூவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதால்தான் பலருக்கு ஆண்டுகள் கழிந்தும் இது வசப்படுவதில்லை.

தமிழருக்குப் பால் உணர்வு இல்லை என்று சொல்ல முடியாது. ‘வந்தான், வந்தாள், வந்தது’ என்று வினைமுற்றின் கடைசி வரை பாலைக் கொண்டுபோகும் மொழி நம்முடையது. தொல்காப்பியம் இரண்டு திணை, ஐந்து பால் என்று வகுத்தது. அந்த வகுப்பு முழுக்கப் பொருளைப் பார்த்துச் செய்யப்படுவது. மனிதனா, ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று பொருளைக் கேட்டால் விடை கிடைத்துவிடும். ‘சூரியன் உதித்தான்’ என்றும் ‘சூரியன் உதித்தது’ என்றும் சொல்கிறோம். கதிரவனைத் தெய்வமாகப் பார்க்கிறோமா, வானத்துப் பொருளாகப் பார்க்கிறோமா என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

ஜெர்மனில் பால் சொல்லுக்கு உரியது. மேசையைக் குறிக்கும் டிஷ் ஆண்பால், ஆகவே டேர். விளக்கைக் குறிக்கும் லம்பெ பெண்பால், ஆகவே டீ. புத்தகமாகிய பூஹ் மூன்றாம் பால், ஆகவே டஸ். சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் கூட டஸ்தான், ஏனென்றால் ‘ஷென்’ என்ற விகுதியில் முடியும் எல்லாச் சொல்லும் டஸ். தமிழர் மேசையைப் பார்த்து அஃறிணை என்று கணக்குப் போட்டு ‘டஸ் டிஷ்’ என்று சொல்லும்போது அவருடைய பால் உணர்வு நன்றாகவே வேலை செய்கிறது, பார்க்க வேண்டிய இடம்தான் மாறிப்போயிற்று.

ஆர்ட்டிகிளே விடுபட்டுப்போவதற்குக் காரணம் வேறு. குறிப்பிட்ட பொருளா, ஏதோ ஒன்றா என்பதைத் தமிழ் தனிச்சொல் இல்லாமலே காட்டிவிடும். ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் இருவரும் அறிந்த அந்தப் புத்தகம். வேலையை ‘ஐ’ உருபு செய்துவிடுகிறது, அதுவும் சொல்லின் வாலில். எழுவாயில் அந்த உதவியும் தேவைப்படுவதில்லை, ‘பஸ் வந்தது’ என்றாலே எந்த பஸ் என்று புரிந்துவிடும். ஜெர்மனில் இந்தச் செய்தியோடு பாலும் வேற்றுமையும் சேர்ந்து ஒரே அசையில், சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. வாலில் உருபைத் தேடிப் பழகிய காது அந்த முன்னசையைக் கவனிக்காமல் விடுகிறது.

போதாததற்கு ஒலியும் ஏமாற்றும். ‘டேர்’ என்பது ஆண்பால் எழுவாய்க்கு வரும், பெண்பாலின் நான்காம் வேற்றுமைக்கும் அதுவே வரும். ‘மிட் டேர் லம்பெ’ என்று பத்து முறை கேட்டவர் லம்பெ ஆண்பால் என்று முடிவு கட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘ஐன் டிஷ்’, ‘ஐன் பூஹ்’ இரண்டிலும் ஒரே ‘ஐன்’ வருவதால் ஆண்பாலுக்கும் மூன்றாம் பாலுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது. பேச்சுத் தமிழில் நாம் ‘மரம்’, ‘அவன்’ என்பவற்றின் கடைசி மெய்யை முழுதாக ஒலிப்பதும் இல்லை, அதற்கு முந்தைய உயிரை மூக்கொலியாக்கி விட்டுவிடுகிறோம். அதே பழக்கம் ஜெர்மனுக்குள் போனால் ‘டேன்’, ‘டேம்’ இரண்டும் ஒன்றாகிவிடும். ஆண்பாலில் முதலாவது செயப்படுபொருளைக் காட்டுவது, இரண்டாவது ‘க்கு’, ‘இல்’ போன்ற இடங்களில் வருவது. பேசுபவருக்குச் சரியாகச் சொன்னதாகவே தோன்றும், கேட்பவருக்கு எது என்று தெரியாது.

எனவே முதலில் உங்கள் தவறு எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். இருக்கும் அறையை ஜெர்மனில் இரண்டு நிமிடம் விவரித்துக் கைபேசியில் பதிவு செய்து, கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆர்ட்டிகிள் விடுபட்டதா, பால் தவறா, வேற்றுமை தவறா என்று குறியுங்கள். பாலையும் வேற்றுமையையும் பிரிக்க ஒரு சோதனை உண்டு. அதே சொல்லை எழுவாயாக வைத்து இன்னொரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். ‘டீ லம்பெ’ என்று சரியாக வந்தால் பால் தெரிகிறது, தவறு வேற்றுமையில்தான். அங்கேயும் தடுமாறினால் பாலே இன்னும் ஒட்டவில்லை. பால் ஒட்டாதவர் வேற்றுமை அட்டவணையைப் படிப்பதில் பயன் குறைவு.

பாலை ஒட்டவைப்பதில் ஒரு ஆய்வு மிகவும் உதவுகிறது. இன்பால் ஆர்னன், மைக்கேல் ராம்ஸ்கர் இருவரும் 2012இல் வெளியிட்டது அது. பெரியவர்களுக்கு ஒரு செயற்கை மொழியைக் கற்பித்தார்கள். ஒரு குழு முதலில் முழு வாக்கியங்களைக் கேட்டது, பிறகு தனிப் பெயர்ச்சொற்களைக் கேட்டது. இன்னொரு குழு தனிச்சொற்களில் தொடங்கி வாக்கியங்களுக்குப் போனது. இருவருக்கும் கிடைத்த தரவு ஒன்றுதான், வரிசை மட்டும் வேறு. வாக்கியத்தில் தொடங்கியவர்களே எந்தச் சொல்லுக்கு எந்த ஆர்ட்டிகிள் என்பதை நன்றாகக் கற்றிருந்தார்கள். ‘டிஷ் என்றால் மேசை’ என்று தனியே பதிந்துவிட்டால், பொருளைச் சுட்ட அந்த ஓரசையே போதுமானதாகிவிடும். அதன்பின் முன்னால் வரும் ‘டேர்’ புதிதாக எதையும் சொல்வதில்லை, ஆகவே மூளை அதைத் தள்ளிவிடுகிறது. ஆர்ட்டிகிள் இல்லாத மொழியிலிருந்து போகும் நாம் சொற்பட்டியலைத் தனிச்சொல்லாகவே எழுதிப் படிக்கிறோம், அங்கேயே கோணல் விழுந்துவிடுகிறது.

முதல் பயிற்சி இதிலிருந்து வருகிறது. புதுச் சொல்லை ஒருபோதும் தனியாக வாயில் எடுக்காதீர்கள். ‘டேர் டிஷ்’ என்பதை விடவும் ‘ஐன் அல்ட்டெர் டிஷ், ஐனெ அல்ட்டெ லம்பெ, ஐன் அல்ட்டெஸ் பூஹ்’ என்று ‘பழைய’ என்ற பெயரடையோடு சேர்த்துப் பழகுவது நல்லது. ‘ஐன்’ மறைத்த வேறுபாட்டைப் பெயரடையின் வால் வெளியே காட்டுகிறது. பெயரடையை மாற்றிப் பழகாத தமிழ் நாவுக்கு அந்தப் பழக்கமும் இதிலேயே வந்துவிடும். வாரத்துக்குப் பன்னிரண்டு சொல் போதும், பால் ஒவ்வொன்றுக்கும் நான்கு. முதல் இரண்டு நாள் ஜெர்மானியர் ஒருவரின் ஒலிப்பதிவைக் கேட்டு, தொடராகவே திருப்பிச் சொல்லுங்கள். ‘அல்ட்டெர்’ என்பதன் ஈற்று ரகரம் பேச்சில் கரைந்து குறுகிய ‘அ’ போலக் கேட்கும், அதையும் ‘அல்ட்டெ’யையும் காது பிரித்தறிய வேண்டும். மூன்றாம் நாள் படத்தைப் பார்த்து முழுத் தொடரையும் சொல்லுங்கள். பெயர்ச்சொல் முதலில் நினைவுக்கு வந்து, ஆர்ட்டிகிளைப் பிறகு தேடினால் அந்தச் சொல் இன்னும் சேரவில்லை என்று பொருள், மறுநாளும் அதைக் கேட்க வேண்டும். ஏற்கனவே தனியாகப் படித்துவிட்ட பழைய சொற்களுக்கும் இதே வழிதான். பட்டியலில் பக்கத்தில் டேர் என்று எழுதிச் சேர்ப்பது அவற்றுக்குப் போதாது.

இரண்டாவது, சொல்லின் ஒலியைப் பார்க்கப் பழகுவது. ‘உங், ஹைட், கைட், ஷாஃப்ட், ட்ஸியோன்’ என்று முடிந்தால் டீ. ‘ஷென், லைன்’ என்றால் டஸ். ‘லிங், இஸ்முஸ்’ என்றால் டேர். எகரம் போன்ற மங்கலான ஒலியில் முடியும் சொற்களில் பெரும்பாலானவை டீ, கண்ணைக் குறிக்கும் ‘டஸ் அவ்கெ’, பெயரைக் குறிக்கும் ‘டேர் நாமெ’ போன்றவை விலக்கு. சொல்லின் தொடக்கத்திலும் இப்படிச் சாய்வுகள் இருப்பதை க்யோப்கெ, ஸூபின் என்ற இரு மொழியியலாளர்கள் 1980களில் காட்டினார்கள். ‘க்ன’ என்று தொடங்கும் ஓரசைச் சொற்கள் ஏறத்தாழ எல்லாமே டேர். பொத்தானாகிய க்னோப்ஃப், வெடியொலியாகிய க்னால் இரண்டும் அப்படி. முழங்காலாகிய ‘டஸ் க்னீ’ விலக்கு.

இவற்றை விதியாக ஒப்பிப்பதால் உணர்வு வராது. முப்பது சொற்களைச் சீட்டில் எழுதிக் கலைத்து, பொருளை நினைக்காமல் உரக்கப் படித்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். பிறகு இல்லாத சொற்களை நீங்களே உருவாக்கிச் சேருங்கள். ‘ஃப்லோபுங்’, ‘க்னாம்’, ‘ஸீபெ’ என்று. பொருளே இல்லாத சொல்லைக் கேட்டதும் டீ, டேர், டீ என்று வாய் தானே சொன்னால், பாலைத் தேடும் இடம் பொருளிலிருந்து ஒலிக்கு நகர்ந்துவிட்டது என்று நம்பலாம். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு என்று வண்ணமிடுவதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். எழுதும்போது அது உதவும், பேச்சு வேகத்தில் நிறத்தை நினைவுகூர நேரம் இருக்காது.

மூன்றாவது பயிற்சிதான் நமக்கு மிகவும் சங்கடமானது, ஆகவே மிகவும் தேவையானது. ஜெர்மனில் மேசைக்குப் பதிலாக வரும் சொல் ‘ஏர்’, அதாவது அவன். விளக்குக்கு ‘ஸீ’, அவள். புத்தகத்துக்கு மட்டுமே ‘எஸ்’, அது. தமிழர் எல்லாவற்றையும் எஸ் ஆக்கிவிடுவார். பத்துப் பொருளை மேசையில் பரப்பி, ஒருவர் ‘வோ இஸ்ட் டீ லம்பெ’ என்று எங்கே எனக் கேட்க, மற்றவர் பெயரைச் சொல்லாமல் ‘ஸீ இஸ்ட் ஹியர்’ என்று இங்கே இருப்பதாகப் பதில் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் கேள்வியிலேயே ஆர்ட்டிகிள் இருக்கட்டும். இரண்டாம் சுற்றில் கேட்பவர் பொருளை வெறுமனே சுட்டிக்காட்டட்டும். இரண்டாம் சுற்றிலும் ஏர், ஸீ சரியாக வந்த சொற்களை மட்டும் கற்றதாகக் கொள்ளுங்கள்.

வேற்றுமை அதன் பிறகு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாக்கியச் சட்டத்தை மாற்றுங்கள்: புட்டியை மேசைமேல் வைக்கிறேன் என்றால் ‘அவ்ஃப் டேன் டிஷ்’, புட்டி மேசைமேல் இருக்கிறது என்றால் ‘அவ்ஃப் டேம் டிஷ்’. நகர்வா, இருப்பா என்பதே கேள்வி. ‘டேம்’ சொல்லும்போது உதடு மூட வேண்டும், ‘டேன்’ சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் தொட வேண்டும். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தால் நம் மூக்கொலிப் பழக்கம் உடனே பிடிபடும்.

ஒலியிலோ விகுதியிலோ துப்பே இல்லாத சொற்களும் நிறைய உண்டு. இரவாகிய ‘டீ நாஹ்ட்’, வெளிச்சமாகிய ‘டஸ் லிஹ்ட்’ இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. இவற்றுக்குக் கேட்டுக் கேட்டுப் பதிவதைத் தவிர வேறு வழி கிடையாது, முதல் பயிற்சியின் நேரத்தை இவற்றுக்கே கொடுங்கள். ‘யோகுர்ட்’ போன்ற சிலவற்றில் ஜெர்மானியர்களே சிலர் டேர் என்றும் சிலர் டஸ் என்றும் சொல்கிறார்கள், அவற்றில் இரண்டில் எதைச் சொன்னாலும் தவறில்லை.