அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் நீக்கச் சொன்னோம். 240 பீஸ் நேவி காணாமல் போனது

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பேக்கிங் செக்‌ஷன் கணக்கு இன்றும் பெரும்பாலும் சூப்பர்வைசரின் கைபேசியிலிருந்துதான் தொடங்குகிறது. நிறத்தின் பெயர், அதையடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு, பிறகு பீஸ் எண்ணிக்கை என்று ஒரு வரி அடித்து அவர் மெசேஜ் அனுப்புகிறார். அலுவலகத்தில் ஓடும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் அந்த வரியிலிருந்து குறிப்பை நீக்கி, நிறத்தையும் எண்ணையும் ஷீட்டில் ஏற்றுகிறது. இந்த ஊர் நிறுவனங்களுக்கு இத்தகைய ஸ்கிரிப்டுகளை எழுதியும் பழுதுபார்த்தும் வரும் நான், அவற்றில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு ரெஜெக்ஸ் பிழையைப் பற்றி இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்தப் பிழை ஸ்கிரிப்டை நிறுத்துவதில்லை, எந்த எச்சரிக்கையும் தருவதில்லை, அது தரும் தவறான விடையும் சரியான விடையைப் போலவே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுவது அவசியம் என்று கருதுகிறேன்.

ஒரு நிறுவனத்தில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே வழக்கமாக வரும் வரி இப்படித்தான் இருந்தது:

```
Navy (wash ok) 240
```

குறிப்பை நீக்க எழுதப்பட்டிருந்த பேட்டர்ன் `\(.*\)` என்பதாகும். திறக்கும் அடைப்புக்குறி, அதன்பின் எந்த எழுத்தும் எத்தனை முறையும், பிறகு மூடும் அடைப்புக்குறி என்று அதைப் படிக்கலாம். மேலே உள்ள வரியில் அது `(wash ok)` என்பதை மட்டும் எடுத்துவிடும், ஷீட்டில் நேவி 240 என்று சரியாக ஏறும். வரிக்கு ஒரு நிறம் வந்த வரையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பின்னர் ஓர் ஆர்டரில் இரண்டு நிறங்களை ஒரே வரியில் அடிக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் பேக்கிங் சூப்பர்வைசர் அலுவலகத்துக்கு வந்து, "ஏனுங்க, மெரூன் பெட்டி கட்டி வெச்சிருக்குதுங்க, ஷீட்ல அந்தக் கலரே இல்லீங்களே" என்று கேட்டார். வந்திருந்த வரியும் அதற்கு ஸ்கிரிப்ட் செய்ததும் இவை:

```python
import re
line = "Navy (wash ok) 240, Maroon (recheck) 180"
print(re.sub(r"\(.*\)", "", line))
# Navy  180
```

விளைவைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மெரூன் என்ற நிறம் மறைந்ததோடு இது நிற்கவில்லை. நேவியின் 240 மறைந்து, மெரூனுக்குரிய 180 நேவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நிறம் ஒன்று, எண் ஒன்று என்று வடிவம் முழுமையாக இருப்பதால், ஷீட்டைப் பார்க்கும் மெர்ச்சண்டைசருக்குச் சந்தேகம் எழ எந்தக் காரணமும் இல்லை.

இது ஏன் நிகழ்கிறது என்பதை ரெஜெக்ஸ் எஞ்சின் அந்த வரியில் நடக்கும் வழியிலேயே சென்று பார்த்தால் தெளிவாகும். `\(` முதல் அடைப்புக்குறியில் பொருந்துகிறது. அடுத்துள்ள `.*` என்பதில் இருக்கும் `*` குறி, இயல்பாகவே எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும் தன்மையுடையது. இதைத்தான் கிரீடி என்கிறோம். ஆகவே அது முதல் மூடும் குறியைக் கண்டவுடன் நிற்பதில்லை. புள்ளிக்கு எந்த எழுத்தும் சம்மதம் என்பதால் `)` என்பதும் அதற்கு ஓர் எழுத்துதான். வரியின் கடைசியில் உள்ள 0 வரை எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. இப்போது `\)` பொருந்த வேண்டும், ஆனால் மீதி எழுத்து எதுவும் இல்லை. எனவே எஞ்சின் விழுங்கியதை ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பித் தரத் தொடங்குகிறது. 0 திரும்புகிறது, அது மூடும் குறி அல்ல. 8, 1, ஓர் இடைவெளி என்று திரும்புகின்றன, அவையும் அல்ல. ஐந்தாவதாகத் திரும்புவது `recheck` என்ற சொல்லையடுத்த `)`. அது பொருந்துகிறது, எஞ்சினும் வேலை முடிந்ததென்று நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து வருவதால் அது சந்திப்பது எப்போதும் வரியின் கடைசி மூடும் குறியைத்தான். வரியில் ஒரே ஒரு ஜோடி இருக்கும்போது முதல் குறியும் கடைசிக் குறியும் ஒன்றே என்பதால் பிழை வெளியே தெரிவதில்லை. சோதனைக்கு எடுத்த வரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பு மட்டுமே இருந்தால், எத்தனை வரிகளை ஓட்டிப் பார்த்தாலும் இந்தப் பேட்டர்ன் தேறிவிடும்.

பாதிக்கப்பட்ட பழைய வரிகளைக் கண்டுபிடிக்க, வந்த மெசேஜ்கள் அப்படியே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். ஷீட்டை வைத்து எதையும் மீட்க முடியாது. சேமிப்பு இருந்தால், இரண்டு திறக்கும் குறிகள் உள்ள வரிகளை முதலில் எடுத்துப் பார்க்கலாம்:

```
grep -n '(.*(' packing.txt
```

இங்கும் அதே `.*` தான் இருக்கிறது, ஆனால் இது தீங்கற்றது. வரியில் அப்படி இரண்டு குறிகள் உண்டா இல்லையா என்று மட்டுமே கேட்கிறோம், எது வரை பொருந்தியது என்பதைப் பயன்படுத்தவில்லை. பொருந்திய பகுதியை நீக்கவோ எடுத்துச் சேமிக்கவோ போகும்போதுதான் அதன் எல்லை முக்கியமாகிறது.

இந்தப் பிழைக்கு எல்லோரும் முதலில் சொல்லும் தீர்வு, `*` குறிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி சேர்ப்பது. `\(.*?\)` என்று எழுதினால் அந்தக் குறி லேசியாக நடந்துகொள்ளும். முதலில் எதையும் எடுக்காமல் மூடும் குறி உண்டா என்று பார்க்கும், இல்லையென்றால் ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பார்க்கும். நம் வரியில் `wash ok` என்ற ஏழு எழுத்துகளைக் கடந்தவுடன் `)` கிடைக்கிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. விளைவு `Navy  240, Maroon  180` என்று சரியாக வருகிறது. இந்த வசதி 1994-இல் வெளிவந்த பெர்ல் 5 மொழியில் இடம்பெற்றது, பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றிலும் இருக்கிறது. அதற்கு இருபது ஆண்டுகள் முந்திய `sed` கட்டளையில் இது கிடையாது. அங்கே, இடப்பக்கம் முதலில் தொடங்கும் பொருத்தங்களுள் மிக நீண்டதே எடுக்கப்படும் என்பது விதி. இணையத்தில் பார்த்த `.*?` என்பதை அப்படியே `sed`-இல் ஒட்டிவிட்டு, ஏன் மாறவில்லை என்று திகைப்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

லேசி வடிவத்தோடு நின்றுவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. பேக்கிங் மேசையருகே நின்றுகொண்டு கைபேசியில் அடிப்பவர் ஒரு மூடும் குறியை விட்டுவிடுவது இயல்பு:

```
Navy (wash ok 240, Maroon (recheck) 180
```

இந்த வரியில் `\(.*?\)` முதல் திறக்கும் குறியில் தொடங்கி, மூடும் குறியைத் தேடிக்கொண்டே சென்று, `recheck` வரை முழுவதையும் எடுத்துவிடுகிறது. மறுபடியும் நமக்குக் கிடைப்பது `Navy  180` என்பதே. லேசி என்றால் மிகக் குறுகிய பொருத்தம் கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியல்ல. எங்கே தொடங்குவது என்பது இடப்பக்கத்திலிருந்து முதலில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அந்தத் தொடக்கத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பதை மட்டுமே லேசிக் குறி பார்க்கிறது. புள்ளி இன்னமும் எல்லா எழுத்தையும் கடந்து செல்லும் அனுமதியோடு இருக்கிறது, குறையின் வேர் அதில்தான் உள்ளது.

ஆகவே எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை மாற்றுவதைவிட, எதை எடுக்கக் கூடாது என்று பேட்டர்னிலேயே சொல்லிவிடுவது உறுதியான வழி. குறிப்புக்குள் அடைப்புக்குறி வராது என்பது நமக்குத் தெரியும். அதையே எழுதிவிடலாம்:

```python
out = re.sub(r"\([^()\n]*\)", "", line)
if "(" in out or ")" in out:
    hold(line)
```

`[^()\n]` என்பது திறக்கும் குறியும் மூடும் குறியும் வரிமாற்றமும் அல்லாத எழுத்து என்று பொருள்படும். திறக்கும் குறியையும் இதில் சேர்ப்பது மிக முக்கியம். பலர் `[^)]` என்று மட்டும் எழுதுகிறார்கள், அப்படி எழுதினால் மூடும் குறி விடுபட்ட வரியில் லேசி வடிவம் செய்த அதே தவறு நிகழும். வரிமாற்றத்தைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. புள்ளி வழக்கமாக வரியின் முடிவைத் தாண்டாது, ஆனால் இத்தகைய விலக்குத் தொகுதி தாண்டிவிடும். முழுக் கோப்பையும் ஒரே சரமாகப் படித்து ஓட்டினால், ஒரு வரியில் விடுபட்ட குறி அடுத்த வரியின் கணக்கையும் விழுங்கும்.

மூடும் குறி விடுபட்ட வரியில் இந்தப் பேட்டர்ன் என்ன செய்கிறதென்று பார்ப்போம். முதல் திறக்கும் குறியில் தொடங்கி, இரண்டாவது திறக்கும் குறியைக் கண்டதும் அந்த முயற்சி தோற்கிறது. பிறகு இரண்டாவது குறியில் தொடங்கி `(recheck)` என்பதை மட்டும் நீக்குகிறது. மீதி `Navy (wash ok 240, Maroon  180` என்று நிற்கிறது. குறையுள்ள வரியின் குறை அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்கிரிப்டில் அடுத்துள்ள சோதனை, எஞ்சியிருக்கும் அடைப்புக்குறியைப் பார்த்து அந்த வரியை ஷீட்டில் ஏற்றாமல் நிறுத்திவைக்கிறது. `hold` என்பது வரியைத் தனிக் கோப்பில் எழுதிவைக்கும் ஒரு சிறிய ஃபங்ஷன்தான், அவரவர் வசதிக்கேற்ப எழுதிக்கொள்ளலாம். குறிப்புக்குள் இன்னொரு அடைப்புக்குறி வந்தாலும், திறக்கும் குறி விடுபட்டு மூடும் குறி மட்டும் வந்தாலும் இதே சோதனையில் சிக்கும். கிரீடி வடிவத்துக்குப் பின்னால் இதே சோதனையை வைத்திருந்தால், நம் இரு நிற வரி அதில் சிக்கியிருக்காது, ஏனெனில் அது குறிகள் அனைத்தையும் சேர்த்தே துடைத்துவிட்டது.

இந்த வடிவமும் பிடிக்காத ஒரு பிழை உண்டு. முதல் குறிப்பின் மூடும் குறியும் இரண்டாவது குறிப்பின் திறக்கும் குறியும் ஒருசேர விடுபட்டு, `Navy (wash ok 240, Maroon recheck) 180` என்று வந்தால், அது ஒழுங்கான ஒரே குறிப்பாகத்தான் தோன்றும். குறிப்புகளில் காற்புள்ளி வருவதில்லை என்று பேக்கிங் செக்‌ஷனில் கேட்டு உறுதிசெய்துகொள்ள முடிந்தால், விலக்குத் தொகுதியில் காற்புள்ளியையும் சேர்த்து `[^(),\n]` என்று எழுதலாம், அப்போது இந்த வரியும் நிறுத்திவைக்கப்படும். காற்புள்ளி வரும் என்றால் பேட்டர்னால் ஆவது எதுவும் இல்லை. சூப்பர்வைசர் வரியின் இறுதியில் மொத்தம் 420 என்று சேர்த்து அனுப்ப, 240-ஐயும் 180-ஐயும் கூட்டி அதோடு ஒத்துப் பார்க்கும்படி ஸ்கிரிப்டை எழுத வேண்டியதுதான்.