சளி மாத்திரையும் அடைத்துக்கொள்ளும் சிறுநீரும்

சளி மாத்திரை போட்டால் வாய் உலரும். மூக்கொழுகலை நிறுத்துகிற அதே வேலைதான் உமிழ்நீரையும் நிறுத்துகிறது என்று பலருக்கும் தெரியும். அந்த வேலை சிறுநீர்ப்பையிலும் நடக்கிறது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. புரோஸ்டேட் வீங்கிய வயதான ஆண்களுக்கு அதனால் ஒரே இரவில் சிறுநீர் முழுவதுமாக அடைத்துக்கொள்ளலாம்.

சிறுநீர்ப்பையின் சுவர் ஒரு தசைப் பை. அது சுருங்கித்தான் சிறுநீரை வெளியே தள்ளுகிறது. நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, தசையில் உள்ள மஸ்கரினிக் ஏற்பியில் ஒட்டிக்கொண்டால்தான் அந்தத் தசை சுருங்கும். பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி வளையம் போல் உட்கார்ந்திருப்பது புரோஸ்டேட் சுரப்பி. வயது ஏற ஏற அது பருத்துக் குழாயை நெருக்குகிறது. வளர்ந்த சதை அடைப்பதோடு விஷயம் முடிவதில்லை. அந்தச் சுரப்பிக்குள்ளும் பையின் கழுத்திலும் தசையிழைகள் இருக்கின்றன. நார்அட்ரினலின் என்ற இன்னொரு வேதிப்பொருள் வந்து ஆல்ஃபா ஏற்பியைத் தொட்டால் அவை இறுகும். ஒருவருக்கு ஒரே நாளில் காலையில் சிறுநீர் நன்றாகப் போய், மாலையில் முக்க வேண்டியிருப்பதற்கு இந்த இறுக்கமும் ஒரு காரணம்.

சளி மாத்திரை பெரும்பாலும் ஒற்றை மருந்தல்ல. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கொழுகலுக்குக் குளோர்பெனிரமைன் போன்ற பழைய வகை ஆன்டிஹிஸ்டமின், மூக்கடைப்புக்குச் சூடோஎபிட்ரின் அல்லது ஃபீனைல்எஃப்ரின் என்று மூன்றும் ஒன்றாக இருக்கும். பாராசிட்டமாலால் சிறுநீருக்குத் தொல்லை இல்லை. குளோர்பெனிரமைன் மஸ்கரினிக் ஏற்பிகளையும் சேர்த்தே மறித்துவிடுகிறது. வாய் உலர்வது அதனால்தான். பையின் தசை சோர்வதும் அதனால்தான். சூடோஎபிட்ரின் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கிறது. அப்போது வெளிப்படும் நார்அட்ரினலின், புரோஸ்டேட்டின் தசையையும் இறுக்குகிறது. ஆக, தள்ளும் பை தளர்கிறது, வழி குறுகுகிறது. ஒன்று மட்டும் நடந்தால் மற்றது ஓரளவு ஈடுகட்டலாம். இரண்டும் சேரும்போது சமாளிக்க ஆள் இல்லை.

புரோஸ்டேட்டுக்காகத் தினமும் டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மருந்து செய்வது ஆல்ஃபா ஏற்பியை மறித்து வழியைத் தளர்த்துவது. சூடோஎபிட்ரின் அதே இடத்தில் எதிர்ப்பக்கமாக இழுக்கிறது. டாம்சுலோசின் இருக்கிறதே என்ற தைரியத்தில் சளி மாத்திரை போடக்கூடாது. பையின் தசை சோர்வதை டாம்சுலோசின் தடுக்கவே தடுக்காது.

வாய்வழி ஃபீனைல்எஃப்ரின் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடுகிறது. மாத்திரையாக விழுங்கினால் அது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023-இல் முடிவு சொன்னது. அப்படியானால் ஃபீனைல்எஃப்ரின் உள்ள மாத்திரை ஆபத்தில்லையா என்றால், கூடவே இருக்கும் குளோர்பெனிரமைன் அப்படியேதான் இருக்கிறது. வயதானவருக்கு அதுவே போதும்.

'நேற்றும் போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே' என்பது பலரும் சொல்வது. குளோர்பெனிரமைன் உடலிலிருந்து பாதி வெளியேறவே சுமார் 20 மணி நேரம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடலாம். 8 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் போட்டால், மூன்றாவது மாத்திரையை விழுங்கியதும் உடலில் இருப்பது முதல் மாத்திரை தந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அது மேலும் ஏறும். முதல் நாள் தப்பித்ததை வைத்து அடுத்த நாளைச் சொல்ல முடியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 68 வயதுக்காரர் ஒருவருக்குப் பையில் 400 மில்லி சேர்ந்ததும் போகவேண்டும் என்று தோன்றுகிறது. அவர் 300 மில்லி கழிப்பார். 100 மில்லி உள்ளே தங்கிவிடும். இரவில் மணிக்கு 60 மில்லி என்று வைத்துக்கொண்டால், பத்து மணிக்குப் படுத்தவர் மூன்று மணிக்கு எழுந்து போய்விட்டு வந்து படுத்துக்கொள்வார். இதுதான் அவருடைய வழக்கமான இரவு. இப்போது சளி பிடித்து இரண்டாம் நாள். ஆறு மாத்திரை உள்ளே போயிருக்கிறது. படுக்கும் முன் நெடுநேரம் நின்றும் 120 மில்லிதான் வருகிறது. 280 மில்லி தங்கிவிடுகிறது. தொண்டைக்கு இதமாக வெந்நீர் நிறையக் குடித்ததால் மணிக்கு 80 மில்லி சேர்கிறது. மாத்திரை தரும் மயக்கத்தில் மூன்று மணிக்கு விழிப்பும் வருவதில்லை. ஐந்து மணிக்கு எழும்போது ஏழு மணி நேரத்தில் சேர்ந்த 560 மில்லியோடு மொத்தம் 840.

அளவுக்கு மீறி இழுபட்ட ரப்பர் சுருங்க மறுப்பதுபோல, அவ்வளவு விரிந்த தசையாலும் சுருங்க முடியாது. அடிவயிறு உப்பி, கை வைத்தால் கெட்டியாக, வலியோடு இருக்கும். அவசரம் தாங்காது, ஒரு சொட்டும் வராது. சிலருக்குச் சொட்டுச் சொட்டாக வடியும். 'போகத்தான் போகிறது' என்று இதை நம்பி இருந்துவிடக்கூடாது. நிரம்பி வழிவதுதான் அது. தண்ணீர் குடித்தால் போகும் என்று குடிப்பது பையை மேலும் நிரப்பும். முக்குவதாலும் வயிற்றை அழுத்துவதாலும் பயனில்லை. அவசரப் பிரிவுக்குப் போய், கதீட்டர் என்ற மெல்லிய குழாயை வைத்து வடித்துவிடுவதே வழி. அங்கே சளி மாத்திரையின் அட்டையையும் எடுத்துப்போனால், காரணம் தேடும் நேரம் மிச்சமாகும்.

இந்த நிலைக்கு வருமுன் அறிகுறி தெரியும்: தாரை வழக்கத்தைவிட மெலிவது, தொடங்க நேரமாவது, போய்விட்டு வந்தும் மீதி இருப்பதாகத் தோன்றுவது. வாய் உலர்ந்திருக்கும்போது இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேட்கவேண்டும். சிலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பை விரிந்து, வலியே இல்லாமல் நிறைந்திருக்கும். அவர்களுக்கு வலி எச்சரிக்காது. சிறுநீரகம் கெடும்வரை தெரியாமலும் போகலாம்.

சளிக்கு என்னதான் போடுவது? காய்ச்சலுக்கும் உடல் வலிக்கும் பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரை. மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு. அடைப்பு நீக்கும் மூக்கு மருந்துகளும் ஆல்ஃபா ஏற்பியைத்தான் தொடுகின்றன. உள்ளே போவது குறைவு என்றாலும், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஒவ்வாமையால் தும்மல் என்றால், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதிய வகைகள் மஸ்கரினிக் ஏற்பியை ஏறக்குறைய விட்டுவிடுகின்றன. அதே பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஓரெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் மாத்திரையைக் கீழே வைத்துவிடுங்கள். பெரும்பாலும் சூடோஎபிட்ரின் கலந்திருப்பதன் அடையாளம் அது.

கதீட்டர் வைத்தவருக்கு வழக்கமாக டாம்சுலோசின் போன்ற மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் சளி மாத்திரையின் வேகம் இறங்கியிருக்க வேண்டும். எடுக்கும் நாள் வரைக்கும் சளி மருந்து வேண்டாம். எடுத்தபின் அவர் கழித்த அளவையும், ஸ்கேனில் உள்ளே மீந்த அளவையும் பார்த்து, பை மறுபடி தானே வேலை செய்கிறதா என்று முடிவு செய்வார்கள்.