‘தாமதம் ஏற்பட்டுள்ளது’ என்ற வரியை ஏன் நீக்கினேன்

தீபாவளிக்கு முந்தைய நாள், புதன்கிழமை காலை, சென்னையில் உள்ள ஓர் இனிப்பு நிறுவனத்திலிருந்து என்னை அழைத்தார்கள். நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்கு எழுதும் கடிதங்களைத் திருத்தித் தருவது என் தொழில். இணையத்தில் விற்ற 212 பலகாரப் பெட்டிகள் வெளியூர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அனுப்புவதற்காக எழுதி வைத்திருந்த வாசகம் இது:

“எதிர்பாராத காரணங்களால் தங்கள் ஆர்டரை டெலிவரி செய்வதில் தாமதம் ஏற்பட்டுள்ளது. இதனால் ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். தங்கள் ஆதரவுக்கு நன்றி.”

தமிழ் வினைமுற்றின் விகுதியே செய்தவர் யார் என்று காட்டிவிடும். ‘தவறவிட்டோம்’ என்றால் ‘ஓம்’ என்பதில் நிறுவனம் நிற்கிறது. ‘ஏற்பட்டுள்ளது’ என்றால் அங்கே யாருமே இல்லை. மழை பெய்ததைப் போலத் தாமதமும் தானாக வந்துவிடுகிறது. இந்த வாசகத்தில் நிறுவனம் தலைகாட்டும் ஒரே வினை ‘வருந்துகிறோம்’. பக்கத்து வீட்டு இழப்புக்கும் நாம் வருந்தலாம். மன்னிப்பைத் தவறு செய்தவர்தான் கேட்க முடியும். ‘ஏற்பட்டிருந்தால்’ என்பது இன்னும் மோசம். விடிந்தால் தீபாவளி என்ற நிலையில் வாசலைப் பார்த்துக் காத்திருப்பவரிடம், உங்களுக்கு உண்மையிலேயே சிரமமா என்று கேட்கிறது அது.

சொற்களை மாற்றும் முன் என்ன நடந்தது என்று கேட்டேன். “கூரியர்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள்” என்றார் மேலாளர். பழைய மின்னஞ்சல்களைத் தேடியபோது வேறு கதை தெரிந்தது. தீபாவளிக்குமுன் சேரும் கடைசி வெளியூர் லாரி திங்கள் மாலை 5 மணிக்கு என்று கூரியர் நிறுவனம் முன்பே எழுதியிருந்தது. இணையதளமோ செவ்வாய் இரவுவரை ‘தீபாவளிக்குமுன் கிடைக்கும்’ என்று சொல்லி ஆர்டர் எடுத்திருந்தது.

‘எதிர்பாராத காரணங்கள்’ என்பதை மேலாளர் விட மறுத்ததற்கும் காரணம் இருந்தது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்ன நாளைத் தாண்டி வந்த பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. மனித சக்திக்கு மீறிய காரணத்தால் தாமதமானால் மட்டுமே விலக்கு உண்டு. ஆர்டரை மூட மறந்தது அந்த விலக்கில் அடங்காது. ‘நல்லெண்ண அடிப்படையில் பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று சேர்க்க நினைத்ததையும் அதனால்தான் தடுத்தேன். வாடிக்கையாளருக்கு உரிமையானதைச் சலுகைபோல எழுதக் கூடாது.

அடுத்து, பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தோம். 138 பெட்டிகள் கூரியர் கிடங்கில் இருந்தன. 74 இன்னும் நிறுவனத்தின் பட்டறையிலேயே இருந்தன. இரு தரப்புக்கும் ஒரே செய்தி பொருந்தாது. 74 பேருக்கு ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்புவது என்று முடிவாயிற்று. மற்றவர்களுக்குச் சனிக்கிழமை பெட்டி வரும், ஆனால் அதில் பால்கோவா இருக்கிறது. அவர்களுக்கு எழுதியது இது:

“தீபாவளிக்குமுன் பலகாரப் பெட்டியைச் சேர்ப்பதாகச் சொன்னோம், சேர்க்கத் தவறிவிட்டோம். வெளியூர் லாரி திங்கள் மாலையோடு நின்றுவிடும் என்று தெரிந்திருந்தும் செவ்வாய் இரவுவரை ஆர்டர் எடுத்தோம். இது எங்கள் தவறு. மன்னிப்புக் கேட்கிறோம். நீங்கள் செலுத்திய முழுத் தொகையையும் இன்று மாலை 5 மணிக்குள், நீங்கள் பணம் கட்டிய வழியிலேயே திருப்பி அனுப்புகிறோம். உங்கள் கணக்கில் வரவாக வங்கியைப் பொறுத்துச் சில நாட்கள் ஆகலாம். இதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பெட்டி சனிக்கிழமை வந்து சேரும் என்று கூரியர் நிறுவனம் சொல்கிறது; அதற்குப் பணம் தர வேண்டாம். முறுக்கையும் அதிரசத்தையும் உண்ணலாம். பால்கோவாவை உண்ண வேண்டாம். கடைசி லாரிக்குப் பிறகு இணையதளம் ஆர்டர் எடுக்காதபடி இன்று மாற்றிவிட்டோம்.”

கடைசி வரியின் இடத்தில் முதலில் ‘இனி இப்படி ஒருபோதும் நடக்காது’ என்று இருந்தது. அது யார் கையிலும் இல்லை. இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர் மாற்றத்தைச் செய்து முடித்துச் சோதித்துக் காட்டிய பிறகுதான் புதிய வரியைச் சேர்த்தோம்.

செய்தி பலித்ததா என்பது அடுத்து வரும் தொலைபேசி அழைப்புகளில் தெரியும். ‘பணம் எப்போது வரும்?’ என்று பலர் கேட்டால், அந்த வரி கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது என்று பொருள். அன்று அந்தக் கேள்வி அதிகம் வரவில்லை. ஆனால் மதுரைக்குப் பெட்டி அனுப்பியிருந்த ஒரு பெண், “எனக்குச் செய்தி வந்தது, என் அக்காவுக்கு வந்ததா?” என்று கேட்டார். தீபாவளிப் பெட்டிகளில் பல பரிசாகப் போகிறவை. பணம் கட்டியவர் ஒருவர், பெட்டியைப் பிரிப்பவர் வேறொருவர். பால்கோவா எச்சரிக்கை பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே போயிருந்தது. பெறுபவர்களின் எண்கள் டெலிவரி முகவரியோடு இருந்தன. பணத்தைப் பற்றிய வரிகளை நீக்கி, பால்கோவா வரியை முதலில் வைத்து, அன்று மாலையே அவர்களுக்குத் தனியாக அனுப்பினோம்.