‘ஃபில்லிங் டிஃபெக்ட்’: ஓட்டையா, நிரம்பா இடமா?

மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவர், கீழ்க்கால் எலும்பு முறிந்து மூன்று வாரம் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர், ஒரு விடியற்காலையில் திடீரென்று மூச்சுத் திணறி ஈரோட்டுக்கு அழைத்து வரப்பட்டார். நெஞ்சுப் பகுதிக்குச் சாயம் செலுத்தி சி.டி. எடுத்து, ‘ஃபில்லிங் டிஃபெக்ட்’ என்று நான் அறிக்கை எழுதிக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் அவருடைய மகன் அந்தத் தாளோடு என் அறைக்கு வந்தார். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை செய்பவர். “ஏனுங்க டாக்டர், அப்பாவுக்கு ரத்தக்கொழாயில டிஃபெக்ட்டுன்னு போட்டிருக்குதுங்களே, ஓட்டைங்களா?” என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. திருப்பூரில் டிஃபெக்ட் என்றால் துணியில் விழுந்த ஓட்டை, விட்டுப்போன தையல், கறை. பொருளிலேயே உள்ள பழுது. போதாததற்குப் பிறவி இதய நோயையும் நாம் ‘ஓட்டை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ‘ஃபில்லிங் டிஃபெக்ட்’ என்பதில் உள்ள டிஃபெக்ட் இரத்தக் குழாயின் பழுதைக் குறிப்பதன்று. படத்தில் வெள்ளையாகத் தெரிந்திருக்க வேண்டிய ஓரிடம் வெள்ளையாகவில்லை என்பதை மட்டுமே அது குறிக்கிறது.

டிஃபெக்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் வினை ‘தெஃபிகேரே’. குறைபடுதல், இல்லாமற்போதல், கைவிட்டு விலகுதல் என்பன அதன் பொருள்கள். பழுது என்ற பொருளைவிட ‘இருக்க வேண்டியது இல்லை’ என்ற பொருளே அதில் முந்தையது. எக்ஸ்ரே மருத்துவர்கள் இந்தத் தொடரை முதலில் எடுத்தாண்டது நுரையீரலுக்காக அன்று, இரைப்பைக்காக. நோயாளியைப் பேரியக் கலவையைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தால் இரைப்பையின் உட்புறம் முழுவதும் வெள்ளையாக நிரம்பித் தெரியும். உள்ளே கட்டி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் பேரியம் விலகி நிற்க, வெள்ளை உருவத்தில் ஒரு துண்டு குறைந்து காணப்படும். பின்னர் இரத்தக் குழாய்ப் படங்களுக்கும், 1990-களில் சுழல்முறை சி.டி. பரவியபோது நுரையீரல் தமனிப் படங்களுக்கும் அதே தொடர் வந்து சேர்ந்தது.

சி.டி.யில் நடப்பது இதுதான். அயோடின் கலந்த சாயத்தைக் கையிலுள்ள சிரை வழியாக நொடிக்கு 4 முதல் 5 மில்லிலிட்டர் வேகத்தில் செலுத்தி, அது நுரையீரல் தமனியை எட்டும் தருணம் பார்த்துப் படம் பிடிக்கிறோம். சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு ஹவுன்ஸ்ஃபீல்டு. அந்தக் கருவியை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரின் பெயர் அது. அந்தக் கணக்கில் தண்ணீர் 0. சாயம் கலவாத இரத்தம் ஏறக்குறைய 40. சாயம் நன்றாக நிரம்பிய தமனி 250-க்கும் மேல். எங்கள் காளிங்கராயன் வாய்க்காலில் நடுவே ஒரு மண்திட்டு கிடந்தால் தண்ணீர் அதன் இருபுறமும் பிரிந்து ஓடுவதைப் போல, தமனிக்குள் இரத்தம் உறைந்து திரண்ட உறைகட்டி கிடந்தால் சாயம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. குறுக்குவெட்டில் வெள்ளை வளையத்துக்குள் சாம்பல் வட்டமாகவும், குழாய் நெடுக வெட்டுப்பட்ட இடத்தில் இரண்டு வெள்ளைத் தண்டவாளங்களுக்கு நடுவே சாம்பல் பட்டையாகவும் அது தெரியும்.

அந்த விவசாயியின் படத்தில் வலது நுரையீரலின் கீழ்மடலுக்கு இறங்கும் தமனியில் அப்படியொரு வளையம் இருந்தது. வளையத்தின் அடர்த்தி 320, நடுச் சாம்பலின் அடர்த்தி 55. இந்த எண்ணை மட்டும் வைத்துக் கட்டி என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சாயம் கலவாத இரத்தமும் ஏறத்தாழ அதே எண்ணைத்தான் காட்டும். ஆகவே 1 மில்லிமீட்டர் கனமுள்ள வெட்டுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். தொடர்ந்து 14 வெட்டுகளில் அந்தச் சாம்பல் கூரான விளிம்போடு குழாய்க்குள்ளேயே இருந்து, கீழே ஒரு கிளைக்குள்ளும் நுழைந்தது. குழாயின் சுவரைத் தொட்ட இடத்தில் அது குறுங்கோணத்தில் தொட்டது. இது புதிய கட்டியின் அடையாளம். நாட்பட்ட கட்டி சுவரோடு ஒட்டிப் படிந்து விரிகோணத்தில் சரிந்திருக்கும்.

அதே படத்தில் வலது மேல்மடல் தமனியிலும் ஒரு கருமை இருந்தது. அவசரப்பட்டால் அதையும் கட்டி என்று எண்ணிவிடலாம். ஆனால் அது குழாயின் சுவரைத் தாண்டி வெளியிலும் கோடாக நீண்டது, விளிம்பு கலங்கியிருந்தது, அடர்த்தியும் 190-க்குக் குறையவில்லை. பக்கத்திலேயே உள்ள மேற்பெருஞ்சிரையில் சாயம் மிக அடர்த்தியாகத் தேங்கியதால் விழுந்த கதிர்க்கீற்று என்னும் பொய்த்தோற்றம் அது. படம் எடுக்கும்போது நோயாளி ஆழமாக மூச்சிழுத்துவிட்டால் வயிற்றுப் பக்கத்திலிருந்து சாயமில்லாத இரத்தம் மிகுதியாக மேலேறி வந்து, இதைப் போலவே பொய்யான மங்கலை உண்டாக்கும். அந்த மங்கலுக்குக் கூரான விளிம்பு இருக்காது.

திரையின் வெளிச்ச அமைப்பும் ஏமாற்றும். நெஞ்சின் மென்திசுக்களைப் பார்க்கும் வழக்கமான அமைப்பில் நடு எண் 40, அகலம் 400. அதாவது 40-க்கு இருபுறமும் 200 வரைதான் சாயல் பிரியும், 240-க்கு மேற்பட்ட எல்லாமே ஒரே வெள்ளை. 320 உள்ள சாயத்துக்கும், சிறு கட்டியோடு கலந்து 250-ஆகக் குறைந்த இடத்துக்கும் அங்கே வேறுபாடு தெரியாது. நடு எண்ணை 100-ஆகவும் அகலத்தை 700-ஆகவும் மாற்றினால் 450 வரை சாயல் பிரிந்து, ஒளிந்திருந்த சாம்பல் வெளிப்படும்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘நிரப்புக் குறைபாடு’ என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிரப்பு என்பது பிறவினை. நிரப்பியவர் சரியாக நிரப்பவில்லை, சாயம் போதவில்லை என்ற பொருளை அது தந்துவிடும். சாயம் போதாமல் குழாய் முழுவதும் மங்கிப் போவது உண்மையிலேயே நேர்வதுதான், ஆனால் அது வேறு சிக்கல். ‘வெற்றிடம்’ என்பதும் பொருந்தாது, அங்கே ஏதோ ஒன்று இருப்பதால்தானே சாயம் விலகுகிறது. ‘உறைகட்டி’ என்றே எழுதிவிடலாமே என்பார்கள். அது கண்டதன் பெயரன்று, கண்டதிலிருந்து நாம் கொள்ளும் முடிவின் பெயர். அரிதாகத் தமனியின் சுவரிலேயே தோன்றும் புற்றும் இதே உருவத்தைக் காட்டும். ‘தக்கையடைப்பு’ இன்னும் ஒரு படி அப்பால், வேறிடத்திலிருந்து இரத்தத்தோடு வந்த கட்டி குழாயை அடைக்கும் நோயின் பெயர். ஆகவே தன்வினையாகிய நிரம்பு என்பதிலிருந்து ‘நிரம்பா இடம்’ என்று சொல்வதே சரியென்று கருதுகிறேன். ஓடாக் குதிரை, வாடா மலர் என்பவற்றைப் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் பெற்ற தொடர் அது. யார் மீதும் பழி சுமத்தாமல், பார்த்ததை மட்டும் சொல்கிறது.

அந்த மகனிடம், “ஓட்டை இல்லீங்க தம்பி, கொழாய் நல்லாத்தான் இருக்குது. சாயம் ரொம்பாத எடம் ஒண்ணு இருக்குது, அங்க ரத்தம் கட்டியிருக்குது” என்று சொல்லி, அறிக்கையின் அடியில் கையால் எழுதிக் கொடுத்தேன்: ‘வலது கீழ்மடல் தமனியில் நிரம்பா இடம், புதிய உறைகட்டி எனக் கொள்ளத்தக்கது.’