வாட்ச் காட்டும் வானிலை எந்த ஊருடையது?

ராமநாதபுரத்தில் செல்போன், வாட்ச் சர்வீஸ் செய்கிறேன். ஐப்பசி பிறந்து வாடை எடுக்க ஆரம்பித்தால் ஆப்பிள் வாட்ச் கட்டியவர்களிடம் இருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும்: "தம்பி, வாட்ச்ல வெதர் தப்பா காட்டுது, சென்சார் போயிருச்சு போல." போன வாரமும் பாம்பனில் இருந்து ஒரு படகுக்காரர் வந்தார். அதற்கு முன்பே வேறொரு கடையில் ஜிபிஎஸ் பழுது என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த சென்சார் விஷயம். உங்கள் வாட்ச் காற்றின் வெப்பத்தை அளப்பதே இல்லை. வெயிலில் வைத்துப் பார்த்தேன், ஐஸ் பெட்டிப் பக்கம் வைத்துப் பார்த்தேன், மாறவே இல்லை என்கிறார்கள். மாறாது. முகப்பில் தெரியும் அந்தச் சின்னக் கட்டம், அதாவது காம்ப்ளிகேஷன், ஒரு ஊரின் நிலவரத்தை இன்டர்நெட்டில் இருந்து வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். சில ஆப்பிள் வாட்ச்களில் மணிக்கட்டுச் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கிறது. அது நீங்கள் தூங்கும்போது உடம்புச் சூட்டைப் பார்க்க வைத்தது. ஆகவே வானிலை தப்பாக இருந்தால் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: எந்த ஊர் நிலவரம்? எப்போது வாங்கியது?

பாம்பன்காரரின் வாட்ச், சென்னையில் வேலை பார்க்கும் மகன் போனோடு சேர்த்துக் கொடுத்தது. கட்டத்தில் வெறும் டிகிரியும் மேகப் படமும்தான் இருந்தன. ஊர்ப் பெயர் அதில் வராது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கட்டத்தைத் தொட்டு ஆப்பைத் திறந்தேன். மேலே சென்னை என்று இருந்தது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்.

போனில் Watch ஆப்பைத் திறந்து Weather > Default City பார்த்தால், மகன் எப்போதோ தேர்ந்தெடுத்த சென்னை அப்படியே இருந்தது. அந்தக் கடையில் வாட்சை ரீசெட் செய்து பேக்கப்பில் இருந்து மறுபடி இணைத்திருக்கிறார்கள். பேக்கப்பில் வானிலை செட்டிங்கும் சேர்ந்தே வரும். சென்னை போய் சென்னையே திரும்பி வந்திருக்கிறது! தயவுசெய்து இதற்காக யாரும் ரீசெட் செய்யாதீர்கள்.

பட்டியலில் ஊருக்குப் பதிலாக, இப்போது இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். கட்டத்தில் எண்ணே வரவில்லை, வெறும் கோடுகள். அதற்குக் காரணம் போனில் இருந்தது. Settings > Privacy & Security > Location Services போனால் Weather-க்கு நேரே Never. அதை Always ஆக்கி, அதே பக்கத்தில் Precise Location-ஐயும் போட்டேன். பக்கத்து ஊர்ப் பெயர் வந்து குழப்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொத்தானைத்தான். அதே பட்டியலில் Apple Watch Faces என்று ஒரு வரி இருக்கும். அதுவும் Never-இல் இருக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் நிலவரம் வந்துவிட்டது.

ஊர் சரி, ஆனால் காலையில் பார்த்த எண்ணே மதியமும் நிற்கிறது என்றால் அது வேறு கதை. Watch ஆப்பில் General > Background App Refresh அணைந்திருக்கிறதா பாருங்கள். சார்ஜ் நிற்க வேண்டும் என்று முக்கால்வாசிப் பேர் அதை அணைத்துவிட்டு, Low Power Mode-ஐயும் நாள் முழுக்கப் போட்டு வைக்கிறார்கள். இரண்டுமே கட்டத்தைப் பழசாக்கும். போன் வீட்டிலும் வாட்ச் கையிலும் இருந்தாலும், செல்லுலார் இல்லாத வாட்சுக்கு அதே நிலைமைதான்.

கடலுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரையை விட்டுத் தள்ளிப்போய் சிக்னல் அறுந்தால், கடைசியாக வாங்கிய நிலவரம் புதியது போலவே கட்டத்தில் நிற்கலாம். அதை நம்பி வலையை விடாதீர்கள், அண்ணே. எல்லாம் சரியாக வேலை செய்தாலும் அது காட்டுவது பாம்பன் என்ற ஊரின் டிகிரியும் மழையும்தான். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும், தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் நேர்மாறு. அந்த வித்தியாசம் கையகலக் கட்டத்துக்குத் தெரியாது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டையும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பார்த்துத்தான் படகை எடுக்க வேண்டும்.

பழைய வாட்சை அப்பாவுக்குக் கொடுக்கும் பிள்ளைகளே, கொடுக்கும் முன்பு Default City-யையும் அந்த லொக்கேஷன் அனுமதிகளையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். போன், வாட்ச் இரண்டிலும் உங்கள் பெயரில் உள்ள கணக்கையும் எடுத்துவிடுங்கள்.