ஸ்பிரிட் பஞ்சும் நான்கு வயதுச் சிறுமியின் அழுகையும்

என் ஆலோசனை அறையில் ஊசி கிடையாது. வெள்ளைக் கோட்டும் கிடையாது. ஆனாலும் பேச்சுத் தாமதத்துக்காக அழைத்து வரப்பட்ட நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, அதுவரை நிம்மதியாகக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், நான் சானிட்டைசரைக் கையில் ஊற்றித் தேய்த்த மறுகணமே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். விசாரித்ததில், இரண்டு மாதங்களுக்கு முன் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தபோது, அவள் கையில் பலமுறை ஊசி குத்தப்பட்டது தெரிந்தது. உளவியல் முதலாண்டு மாணவர்கள் ஆக்கநிலையுறுத்தலை, உணவுக்கு முன் வரும் ஒலிக்கே எச்சில் ஊறக் கற்ற பாவ்லோவின் நாயோடு நிறுத்திவிடாமல், இந்தச் சிறுமியை வைத்து யோசித்துப் பார்க்கலாம்.

ஊசி போடும்போது நடப்பவற்றின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சு தோலில் சில்லென்று படுகிறது, வாசனை எழுகிறது; சில நொடிகளில் ஊசி இறங்குகிறது. ஊசியின் வலி இயற்கைத் தூண்டல். வலியால் கையை இழுத்து அழுவது இயற்கைத் துலங்கல். இதற்கு எந்தக் கற்றலும் தேவையில்லை. ஸ்பிரிட் வாசனையோ தொடக்கத்தில் வெறும் வாசனைதான். சில முறை வலிக்கு முன்னால் வந்து வந்து, பின்னர் அது தனியாக வந்தாலே அச்சம் எழும்போது, அந்த வாசனை செயற்கைத் தூண்டலாகவும் அந்த அச்சம் கற்றுக்கொண்ட துலங்கலாகவும் ஆகிவிடுகின்றன. ஸ்பிரிட்டைப் போலவே மணக்கும் சானிட்டைசருக்கும் அவள் அழுதது தூண்டல் பொதுமைப்பாடு.

தேர்வில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: இரண்டு வேளையும் குழந்தை அழத்தானே செய்கிறது, எது எந்தத் துலங்கல்? ஊசியே போட்டுக்கொள்ளாத குழந்தையும் இதற்கு அழுமா என்று கேட்டுப் பாருங்கள். ஊசி குத்தியதும் அழும். பஞ்சைக் கண்டு அழாது. ஆகவே ஊசிக்கு அழுவது இயற்கைத் துலங்கல், பஞ்சுக்கு அழுவது கற்றுக்கொண்ட துலங்கல். கையை மறைப்பதால் ஊசி தள்ளிப்போகிறது என்று அவள் கண்டுகொண்டிருந்தால், அந்த மறைத்தல் விளைவால் வலுப்பெறும் வேறு வகைக் கற்றல். அதை இதனோடு குழப்பக் கூடாது.

மருத்துவமனையில் ஊசி போட்ட அறையில் மின்விசிறியும்தான் சுழன்றுகொண்டிருந்தது. அதைக் கண்டு அவள் ஏன் அஞ்சவில்லை? நாள் முழுக்கச் சுழலும் விசிறி, ஊசி வரப்போவதை அறிவிப்பதில்லை. சேர்ந்து வருவது மட்டும் போதாது, முன்னறிவிக்கவும் வேண்டும் என்பதை உளவியலாளர் ரெஸ்கோர்லா 1968-இல் எலிகளைக் கொண்டு காட்டினார்: ஒலியோடு வந்த அளவுக்கே ஒலி இல்லாதபோதும் மின்னதிர்ச்சி வந்தால், எலிகள் அந்த ஒலிக்கு அஞ்சக் கற்கவில்லை. ஊசிக்குச் சற்று முன்னால் மட்டும் "ஒண்ணும் இல்லடா கண்ணு" என்று சொல்லும் பெற்றோர், தம்மை அறியாமலே அந்தச் சொல்லையும் இன்னொரு பஞ்சாக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

தாய் வீட்டிலிருந்த சானிட்டைசரை ஒளித்துவைத்திருந்தார். அன்பினால் செய்ததுதான், ஆனால் வாசனை வந்தும் வலி வராத அனுபவம் கிடைத்தால்தான் அச்சம் தணியும், ஒளித்துவைத்தால் அந்த வாய்ப்பே போய்விடுகிறது. உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதிய முறையில், முயலைக் கண்டு அஞ்சிய ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது முயல் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவரப்பட்டது. நாங்கள் உணவுக்குப் பதில் சோப்புக் குமிழி விளையாட்டை வைத்துக்கொண்டோம். முதல் அமர்வில் மூடிய சானிட்டைசர் பாட்டில் அறையின் மறுமூலையில் இருந்தது. அடுத்ததில் மூடி திறந்திருந்தது. மூன்றாவதில் பொம்மையின் கையில் நான் தேய்த்தேன். நான்காவதில் அவளே தன் கையில் தேய்த்துக்கொண்டாள். எந்தப் படியிலாவது அவள் விளையாட்டை நிறுத்தி பாட்டிலையே பார்த்தால், வேகம் கூடிவிட்டது என்று பொருள். ஒரு படி பின்வாங்குவோம்.

இரண்டு வாரம் இடைவெளி விட்டு வந்தபோது, வாசனை பட்டதும் மறுபடியும் கையை இழுத்துக்கொண்டாள். தாய்க்கு ஏமாற்றம். தணிந்த அச்சம் இடைவெளிக்குப் பின் தானாகவே மீண்டும் தலைகாட்டும் தன்னியல்பு மீட்சி இது. முன்னளவு வலுவில்லை, அன்றே தணிந்தும் போயிற்று. பெரிய சறுக்கல், தடுப்பூசிக்காக மருத்துவமனைக்குப் போனபோதுதான் வந்தது: அங்கே அச்சம் முழுதாகத் திரும்பியது. அச்சம் தணிவது என்பது பழைய கற்றல் அழிவதன்று; "இங்கே இந்த வாசனைக்குப் பின் வலி வராது" என்ற புதிய கற்றல் அதன்மேல் சேர்வதுதான். அந்த "இங்கே" என் அறையாக மட்டுமே இருந்தது என் பிழை.

அதனால் பொம்மையையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு, ஊசி இல்லாத நாள்களில் அந்த மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துக்கே போனோம். மூன்றாம் முறை பெஞ்சில் உட்கார்ந்து பொம்மையின் கையில் ஸ்பிரிட் தடவிவிட்டாள். ஊசி போடும் அறைக்குள் மட்டும் அன்று வரவில்லை.